பல்லாவரம் கல்லிலிருந்து கிளம்பிய கார்பன்

சுற்றுச்சூழல் பாடத்தில் கார்பன் சுழற்சிக்கு ஒரு படம் இருக்கும். காற்று, மரம், மண், கடல், பாறை என்று வரைந்து, இடையிடையே ஒரே தடிமனில் அம்புக்குறிகள். பார்த்தால் கார்பன் அணு ஓயாமல் சுற்றுவதாகத் தோன்றும். ஆனால் தாம்பரம் பக்கத்து அணு ஒன்றின் கதையில் பெரும்பகுதி சும்மா கிடந்த காலம்தான்.

பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893இல் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில், கடும் வெப்பத்தில் உருவான கல். தென்னிந்தியச் சார்னோகைட்டைச் சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், குவார்ட்ஸ் மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தென்படும். அவற்றை உறையவைத்து மெல்லச் சூடேற்றினால் −56.6 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

நம் அணு அப்படி ஒரு குமிழியில் இருந்தது என்று கொள்வோம். குவாரியில் வெடித்துப் பெயர்த்த கல் கிரஷரில் ஜல்லியானபோது குமிழி உடைந்து, அணு காற்றில் கலந்தது. (நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து வெளிவருவதோடு ஒப்பிட்டால் இப்படிக் கல்லிலிருந்து வரும் அளவு ஒன்றுமேயில்லை.)

காற்றில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு தங்குவது சராசரியாக நாலைந்து ஆண்டு. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நாம் விட்ட புகையும் ஐந்தாண்டில் தீர்ந்துவிடும் என்று எழுதுகிற மாணவர்கள் உண்டு. அது தவறு. ஒரு மூலக்கூறு கடலுக்குள் போகும்போது இன்னொன்று வெளியே வருகிறது. ஆள் மாறுகிறதே தவிர, கூட்டம் அவ்வளவாகக் குறைவதில்லை. கூடுதலாகச் சேர்ந்ததில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் காற்றிலேயே இருக்கும்.

நம் அணுவைப் பள்ளிக்கரணையில் ஒரு சம்புத் தாள் இழுத்துக்கொண்டது. தாள் மடிந்து சேற்றில் விழுந்தது. தேங்கிய நீருக்கு அடியில் ஆக்சிஜன் கிடையாது; அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக்கிக் குமிழியாய் மேலே விட்டன. சுமார் பத்தாண்டில் அது காற்றில் சிதைந்து, பழையபடி கார்பன் டை ஆக்சைடு ஆனது.

பிறகு வங்காள விரிகுடா. கடல் நீரில் பைகார்பனேட்டாகக் கரைந்து, கோவளம் பக்கம் ஒரு கிளிஞ்சலின் ஓட்டில் சேர்ந்தது. படத்தின்படி அடுத்தது சுண்ணாம்புப் பாறை, பல கோடி ஆண்டு. ஆனால் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் வழக்கம் இங்கே உண்டு. சுட்டதும் அணு மறுபடி காற்றுக்குப் போய்விட்டது. அந்தச் சுண்ணாம்பைப் பூசிய சுவர் இறுகுவது காற்றிலிருந்து வேறு கார்பனை வாங்கித்தான். அதனால் பழைய சுண்ணாம்புக் காரையின் வயதைக் கதிரியக்கக் கார்பனால் கணிக்க முடிகிறது. சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டு அதில் கலந்திருந்தால் கட்டடம் இருப்பதைவிட வயதானதாகக் காட்டும்.