அலையின் காலஇடைவெளியில் புயலின் முகவரி

இரண்டாம் உலகப் போரில் கடற்கரைகளில் படைகளை இறக்கவேண்டிய தேவை, அலைகளை முன்கூட்டியே கணிக்கும் கட்டாயத்தை உருவாக்கியது. அலையின் வளர்ச்சி மூன்றைச் சார்ந்தது: காற்றின் வேகம், அது தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் (ஃபெட்ச்), வீசும் கால அளவு. விநாடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று 10 கிலோமீட்டர் நீரின்மீது வீசினால் அலை ஏறத்தாழ 1 மீட்டர்தான் உயரும். அதே காற்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், ஒரு நாளுக்கு மேலாக ஓயாமல் வீசினால் 9 மீட்டரை நெருங்கலாம். மூன்றில் எது குறைகிறதோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கிறது. வளர வளர அலைகளின் காலஇடைவெளியும் நீள்கிறது.

காற்று ஓய்ந்த பின் அந்த அலைகள் எங்கே செல்கின்றன? பிரிட்டிஷ் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய நார்மன் பார்பரும் ஃபிரிட்ஸ் உர்செல்லும் இதற்கு விடை கண்டனர். கார்ன்வால் கரையோரக் கடலடியில் வைத்த அழுத்தமானி அலைகளைப் பதிவு செய்தது. கலந்து கிடந்த அப்பதிவை அவர்கள் காலஇடைவெளி வாரியாகப் பிரித்தனர். முதலில் நெடிய அலைகள் வந்தன. அடுத்தடுத்த நாள்களில் இடைவெளி படிப்படியாகக் குறைந்தது.

காரணம் எளியது. ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம் காலஇடைவெளிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது: விநாடிகளில் உள்ள இடைவெளியை 0.78 ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். 10,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 20 விநாடி அலை ஏறத்தாழ 7.4 நாளில் வந்துசேரும். 15 விநாடி அலைக்கு 9.9 நாள் ஆகும். இந்த இரண்டரை நாள் இடைவெளியிலேயே புயலின் தொலைவு பொதிந்திருக்கிறது. புயல் அருகில் இருந்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து வந்திருக்கும். தொலைவு தெரிந்தால் புறப்பட்ட நாளும் தெரிந்துவிடும். அதனை வானிலை வரைபடத்தோடு ஒப்பிட்டு அவர்கள் சரிபார்த்தனர். தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் பகுதிப் புயலின் அலைகளும் கார்ன்வாலில் அடையாளம் காணப்பட்டன. ஆய்வு 1948இல் வெளியானது.

முறைக்கு எல்லையும் உண்டு. புயல் ஒரு புள்ளியன்று. அது பல நாள் நீடித்து நகரும்போது வெவ்வேறு நேரத்தில் பிறந்த அலைகள் கலந்து, கணக்கு மங்குகிறது. அருகிலுள்ள புயலுக்கே இக்குழப்பம் அதிகம். தொலைவு கூடக்கூட அலைகள் தெளிவாகப் பிரிகின்றன.

காற்றே இல்லாத நாளில் கேரளக் கரையிலும் தென்தமிழகக் கரையிலும் ஏறிவரும் கடலையும் இதுவே விளக்குகிறது. கேரள மீனவர் அதைக் 'கள்ளக்கடல்' என்பர். அவ்வலைகள் பிறப்பது தென்னிந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்களில். உள்ளூர் வானத்தில் அறிகுறியே இராது. முதலில் வருகின்ற நெடிய அலையே முன்னறிவிப்பு.