தங்கச் சுரங்கச் செலவும் தங்கத்தின் அடிவிலையும்

முழு நீடிப்புச் செலவு என்பது ஒரு சுரங்கம் இன்றைய அளவில் தொடர்ந்து இயங்க, ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் கணக்கு. சுரங்கத் துறையில் இதை ஏஐஎஸ்சி என்பார்கள். தோண்டுதல், அரைத்தல், பிரித்தெடுத்தல் ஆகியவற்றின் நேரடிச் செலவோடு அரசுக்குத் தரும் உரிமத்தொகை, தலைமை அலுவலகச் செலவு, பழைய இயந்திரங்களை மாற்றும் முதலீடு போன்றவையும் இதில் சேரும். வருமான வரி, கடன் வட்டி, புதிய சுரங்கம் அமைக்கும் செலவு ஆகியவை சேரா. உலகத் தங்கக் கழகம் 2013 ஜூனில் இந்த முறையை வெளியிட்டது.

அதே மாதக் கடைசியில் தங்கம் அவுன்ஸ் 1,200 டாலருக்குக் கீழே இறங்கியது. புதிய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பல சுரங்கங்களின் செலவே கிட்டத்தட்ட இவ்வளவு ஆகிறது, இதற்குக் கீழே விலை போனால் தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே விலை இங்கே நின்றுவிடும் என்று பலர் வாதிட்டனர். விலை நிற்கவில்லை. 2015 டிசம்பரில் 1,050 டாலர் வரை வந்தது. உற்பத்தியும் குறையவில்லை, 2013ஐவிட 2015இல் உலகச் சுரங்கங்கள் அதிகத் தங்கத்தையே எடுத்தன.

வாதத்தின் முதல் ஓட்டை, செலவை மாறாத எண்ணாகக் கொண்டது. கனடாவின் பாரிக் நிறுவனத்தைப் பார்க்கலாம். 2013இல் தங்கத்தின் ஆண்டுச் சராசரி விலை சுமார் 1,411 டாலர். பாரிக்கின் முழு நீடிப்புச் செலவு 915 டாலர். 2015இல் சராசரி விலை 1,160 டாலராகச் சரிந்தபோது அதன் செலவும் 831 டாலராக இறங்கியிருந்தது. இடையில் அந்நிறுவனம் சிலி–அர்ஜென்டினா எல்லையில் இருந்த பாஸ்குவா-லாமா திட்டத்தை நிறுத்திவைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று சுரங்கங்களை கோல்ட் ஃபீல்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. விற்றதால் பாரிக்கின் கணக்கு மாறியதே தவிர, அந்தத் தங்கம் சந்தையை விட்டுப் போய்விடவில்லை.

செலவு இறங்கும் விதத்தை ஒரு கற்பனைச் சுரங்கத்தை வைத்துப் பார்ப்பது எளிது. ஒரு டன் தாதுவைத் தோண்டி அரைக்க 40 டாலர் ஆகிறது. தாதுவில் உள்ள தங்கத்தில் 90 விழுக்காடு கைக்கு வருகிறது என்று கொள்வோம். டன்னுக்கு 1.2 கிராம் தங்கம் உள்ள தாதுவை அரைத்தால் ஓர் அவுன்ஸுக்குச் செலவு சுமார் 1,150 டாலர். 1.6 கிராம் உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அரைத்தால் அது சுமார் 864 டாலர். இயந்திரமும் ஆளும் அதேதான்; பாறைதான் வேறு. விலை ஏறும்போது சுரங்கங்கள் மெலிந்த தாதுவையும் லாபமாக அரைக்கின்றன, செலவு ஏறுகிறது. விலை இறங்கினால் செழித்த தாதுவுக்குத் திரும்புகின்றன. இதற்கு விலை பின்னால் கொடுக்கப்படும்: நல்ல பகுதி முன்கூட்டியே தீர்ந்து, சுரங்கத்தின் ஆயுள் சுருங்கும். 2014–15இல் டீசல் விலையும், சுரங்க நாடுகளான ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ரஷ்யா ஆகியவற்றின் நாணயங்களும் வீழ்ந்தது கூடுதல் உதவி. ஆக, பல சமயம் விலையைச் செலவு தாங்குவதில்லை. விலையின் பின்னால் செலவு நடக்கிறது.

இரண்டாவது ஓட்டை, செலவுக்குக் கீழே விலை வந்ததும் சுரங்கம் மூடப்படும் என்ற எண்ணம். மூடுவதற்கும் பணம் வேண்டும்: தொழிலாளர்களுக்கு இழப்பீடு, நிலத்தைச் சீரமைத்தல், நீர் இறைத்தல். இறைப்பதை நிறுத்தினால் ஆழ்சுரங்கம் மூழ்கும், பிறகு மீட்பது கடினம். எனவே அன்றாட நேரடிச் செலவு கைக்கு வரும்வரை, இயந்திரம் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஓட்டுவார்கள்.

மூன்றாவதுதான் அடிப்படையானது. இரும்புத்தாது உருக்காலையில் தீர்ந்துவிடும். கையிருப்பு குறைவு என்பதால், செலவு மிகுந்த சுரங்கங்கள் மூடினால் தட்டுப்பாடு சீக்கிரம் தெரியும். தங்கம் தீர்வதில்லை. இதுவரை தோண்டிய இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தில் பெரும்பகுதி நகையாகவும் கட்டியாகவும் இன்றும் இருக்கிறது. ஆண்டு உற்பத்தி சுமார் 3,600 டன். உலகில் பத்தில் ஒரு பங்கு உற்பத்தி நின்றாலும் குறைவது 360 டன். அது இருப்பில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. விலையைத் தீர்மானிப்பது அந்த இருப்பை வைத்திருப்பவர்களின் மனம்: மத்திய வங்கிகள், வட்டி விகிதத்தைப் பார்க்கும் முதலீட்டாளர்கள், நகை வாங்கும் வீடுகள். 1999இல் பிரிட்டன் தன் கையிருப்பை ஏலம் விடப்போவதாக மே மாதம் அறிவித்ததும் விலை சரிந்து, ஜூலையில் சுமார் 253 டாலருக்கு வந்தது. அப்போது எந்தச் சுரங்கத்தின் செலவும் குறுக்கே நிற்கவில்லை.

நீண்டகாலத்தில் செலவுக்கு ஓரளவு செல்வாக்கு உண்டு. விலை பல ஆண்டுகள் தாழ்ந்து கிடந்தால் தேடுதல் பணி நின்று, புதிய சுரங்கங்கள் வராமல் போகும். ஆனால் கண்டுபிடிப்பிலிருந்து உற்பத்திக்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் பிடிப்பதால், அந்தத் தாக்கம் இன்றைய விலைக்குத் தரை ஆகாது.

தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல், எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைப் பல மடங்கு தாண்டிய பின்னும் அரசு நிறுவனமாக நெடுங்காலம் இயங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. அடுத்து வந்த ஏப்ரல் 2ஆம் நாள் லண்டனில் தங்கம் அவுன்ஸ் சுமார் 256 டாலருக்கு இறங்கியது; அந்த ஆண்டின் மிகக் குறைந்த விலை அதுவே.