கடன் நீக்கிய பீட்டா

வேறு துறையில் முதலிடும் நிறுவனம் தன் திட்டத்துக்கான தள்ளுபடி விகிதத்தைக் காண உதவும் அளவு. கிள்ளான் அருகே காப்பாரில் ஒரு செம்பனை நிறுவனம் மின்னுற்பத்தியில் இறங்குவதாகக் கொள்வோம். அதன் சொந்தப் பீட்டா செம்பனைத் தொழிலின் இடரையே காட்டும் என்பதால் இங்கே உதவாது.

பங்குச் சந்தையிலுள்ள மின்னுற்பத்தி நிறுவனங்களின் பீட்டா 1.2, கடன் பங்கு மூலதனத்தைப் போல் 1.5 மடங்கு, வரி 24% என வைத்துக்கொண்டால், கடன் நீக்கிய பீட்டா 1.2 ÷ (1 + 0.76 × 1.5) = 0.56. திட்டத்தின் கடன் 0.5 மடங்கு எனில், மீண்டும் கடன் ஏற்றிய பீட்டா 0.56 × (1 + 0.76 × 0.5) = 0.77. இடரற்ற வட்டி 4%, சந்தை இடருக்கான கூடுதல் 6% என்றால் பங்கு மூலதனச் செலவு சுமார் 8.6%. இதைக் கடன் செலவோடு எடையிட்டுச் சராசரி எடுத்தால் தள்ளுபடி விகிதம் கிடைக்கும்.

பிழை பெரும்பாலும் ஒப்பீட்டு நிறுவனத்தைத் தேர்வதில் நேர்கிறது. காப்பார் மின் நிலையத்தில் பங்கு கொண்ட தெனாகா நேஷனல், மின் விநியோகத்தையும் நடத்துகிறது; அதன் பீட்டாவில் அந்த இடரும் கலந்திருக்கும். மின்னுற்பத்தியை முதன்மையாகக் கொண்ட மலாக்கோஃப் இதற்கு நெருக்கமான ஒப்பீடு.