குழுச் செயல்திட்டத்தில் சக மதிப்பீடும் தன்மதிப்பீடும்

நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு செயல்திட்டத்தை முடித்துக் கொடுத்தால் ஆசிரியரால் அறிக்கைக்கு மட்டுமே மதிப்பெண் போட முடியும். யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பது குழுவுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதை அவர்களிடமே கேட்டறிந்து, குழு மதிப்பெண்ணைத் தனிநபர் மதிப்பெண்களாகப் பிரிப்பது சக மதிப்பீடு. ஒருவர் தம் பங்களிப்பைத் தாமே அளப்பது தன்மதிப்பீடு. இதற்கான ஒரு கணக்கு முறையைக் கோல்ட்ஃபிஞ்சும் ரேசைடும் 1990-இல் வெளியிட்டனர். பின்னர் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் உருவான WebPA போன்ற மென்பொருள்கள் இத்தகைய கணக்கை எளிதாக்கின.

எல்லோருக்கும் தாராளமாக மதிப்பெண் போடும் பழக்கத்தைச் சரிசெய்வது எளிது. ஒவ்வொருவரும் பிறருக்குப் போட்ட மதிப்பெண்களை அவர் போட்ட மொத்தத்தால் வகுத்து, பங்குகளாக மாற்றினால் போதும். அ, ஆ, இ, ஈ என நால்வர் குழு ஒன்றில் அ மற்ற மூவருக்கும் பத்துக்கு 8, 8, 4 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20, ஆகவே பங்குகள் 0.40, 0.40, 0.20. தாராள மனம் கொண்ட ஆ போடுவது 10, 10, 5. மொத்தம் 25 ஆனாலும் பங்குகள் அதே 0.40, 0.40, 0.20 தான். ஒருவருக்கு மற்ற மூவரிடமிருந்து கிடைத்த பங்குகளைக் கூட்டினால் அவருடைய காரணி கிடைக்கும். சம உழைப்பு என்றால் காரணி 1. குழு மதிப்பெண்ணைக் காரணியால் பெருக்கினால் தனி மதிப்பெண்.

நட்புச் சாய்வு இந்தக் கணக்கில் கரைவதில்லை. வேலையில் பின்தங்கியவர் ஈ. குழு மதிப்பெண் 70. அ, ஆ இருவரும் ஈக்கு 0.20 தந்துவிட்டனர். இயும் மனசாட்சிப்படி 0.20 தந்தால் ஈயின் காரணி 0.60, மதிப்பெண் 42. ஆனால் ஈயின் நெருங்கிய நண்பரான இ, ஈக்கு 10, மற்ற இருவருக்கும் தலா 5 போடுகிறார். இப்போது அவர் தரும் பங்கு 0.50, ஈயின் காரணி 0.90, மதிப்பெண் 63. ஒரே ஒரு படிவம் 21 மதிப்பெண்ணை ஏற்றிவிட்டது. அந்த 21 எங்கிருந்தோ வந்ததல்ல. அ, ஆ ஆகியோருக்கு இ தந்திருக்க வேண்டிய பங்கு 0.40-லிருந்து 0.25-ஆகக் குறைந்து, இருவரும் தலா 10.5 மதிப்பெண் இழந்திருக்கிறார்கள். நட்புக்காகப் போட்ட மதிப்பெண் உழைத்தவர்களிடமிருந்து பறித்தது என்பதை மாணவர்களுக்கு இந்தக் கணக்கோடு காட்டிவிட வேண்டும்.

சாய்வு பங்குகளிலேயே தெரியும். ஈக்கு வந்தவை 0.20, 0.20, 0.50. இப்படி ஒன்று மட்டும் விலகி நின்றால், கூட்டுத்தொகையை அப்படியே ஏற்காமல் நடு மதிப்பைப் பார்க்கலாம். இங்கே அது 0.20. ஆனால் இதே குழுவில் இயும் ஈயும் ஒருவருக்கொருவர் உயர்த்திப் போட்டால் அ பெறும் மூன்று பங்குகளில் இரண்டு சாய்ந்தவை. அங்கே நடு மதிப்பும் தவறும், எந்தக் கணக்கும் உதவாது. ஆவணத்தின் திருத்த வரலாறு, கூட்டக் குறிப்புகள், நிரல் சேமிப்புப் பதிவுகள் ஆகியவற்றை ஆசிரியர் திறந்து பார்த்தே ஆகவேண்டும். சாட்சியமில்லாமல் யாருடைய மதிப்பெண்ணையும் வெட்டக் கூடாது.

பாண்ட், உல்-ஹக், வேட் ஆகியோர் 1995-இல் நட்புச் சாய்வோடு வேறு மூன்று கோளாறுகளையும் சுட்டினர்: எல்லோரும் பேசிவைத்து ஒரே மதிப்பெண் போடுவது, சத்தமாகப் பேசியவருக்கு அதிகம் விழுவது, உழைக்காதவர் பிறர் உழைப்பில் ஒட்டிக்கொள்வது. பேசிவைத்துச் சம மதிப்பெண் போட்டால் எல்லோருடைய காரணியும் 1 ஆகி, முறையே செயலற்றுப்போகும். சம மதிப்பெண் கூடாது என்று தடுப்பது இதற்குத் தீர்வல்ல. உண்மையாகவே சமமாக உழைத்த குழுவைப் பொய் சொல்ல வைக்கும். “ஒத்துழைப்பு நன்று” போன்ற மங்கலான அளவுகோலுக்குப் பதில் “ஒப்புக்கொண்ட பகுதியைக் குறித்த நாளில் தந்தாரா” என்று கேட்டு, ஒரு வரிச் சான்றும் எழுதச் சொல்வது பலன் தரும். படிவத்தைத் தனித்தனியே, இரகசியமாக நிரப்ப வேண்டும். செயல்திட்டத்தின் நடுவில் மதிப்பெண் சேராத ஒத்திகைச் சுற்று ஒன்று நடத்தினால், பின்தங்கியவருக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

தன்மதிப்பீட்டை மதிப்பெண் கணக்கில் சேர்க்காமல் ஒப்பீட்டுக்கு மட்டும் வைப்பதே நல்லது. சேர்த்தால் தன்னை உயர்த்திக்கொள்பவர் அடக்கமானவரின் பங்கை விழுங்குவார். ஆஸ்திரேலியாவில் உருவான SPARKPLUS, சுய மதிப்பெண்ணைச் சகாக்களின் சராசரியால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது. தனக்கு 9 போட்டவருக்குச் சகாக்கள் சராசரியாக 4 போட்டிருந்தால் கிடைப்பது 1.5. எண் 1-ஐத் தாண்டினால் அவர் தம்மைச் சகாக்களைவிட உயர்வாக மதிப்பிடுகிறார். 1-க்குக் கீழே போனால் தாழ்த்திக்கொள்கிறார். பின்னவரிடம் ஆசிரியர் தனியாகப் பேச வேண்டும். அவர் செய்த வேலை குழுவுக்குத் தெரிந்திருந்தும் அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம்.