பதிலைக் குறைப்பதற்கு முன்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் ஆங்கிலக் கேள்வி-பதில் தாள்கள் பற்றி

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் விலைப்புள்ளியோடு சேர்த்து ஒரு தாளும் வெளிநாட்டு பையருக்குப் போவதுண்டு. குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, துணியின் ஜி.எஸ்.எம். என்ன, சரக்கு எத்தனை நாளில் வரும், சாம்பிளுக்குக் காசு உண்டா என்று பையர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு அதில் ஆங்கிலத்தில் பதில் இருக்கும். எழுதுபவர் தமிழ் பேசும் மெர்ச்சண்டைசர். படிப்பவர் பெரும்பாலும் இத்தாலியர், ஜெர்மானியர், போலந்துக்காரர். மும்பை வணிகர்கள் வழியாக ஓர் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சட்டை தேடித் திருப்பூருக்கு வந்த 1978 முதலே இந்த ஊரின் ஏற்றுமதி ஆங்கிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்திருக்கிறது: இரு தரப்புக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில்.

இத்தகைய தாளைத் திருத்தச் சொன்னால் பலரும் நீண்ட வாக்கியங்களை வெட்டத் தொடங்குகிறார்கள். அந்த வரிசை தவறு என்பது என் வாதம். முதலில் கேள்வியைக் குறுக்க வேண்டும். அடுத்து, எந்த எண் எந்த நிலையில் செல்லும் என்பதைத் தொழிற்சாலைக்குள் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு பதில் பெரும்பாலும் தானே குறுகிவிடும். வெட்டுவதில் தொடங்கினால் போகக்கூடாத நிபந்தனைதான் முதலில் போகிறது.

இதை ஒரு பதிலை எடுத்து முழுதாகப் பார்க்கலாம். கீழே உள்ளது இந்த வகைத் தாள்களின் நடையில் நான் அமைத்துக்கொண்ட மாதிரி. எந்த நிறுவனத்துடையதும் அல்ல.

```
Q: What about fabric weight and shrinkage?
A: GSM may vary ±5% and shrinkage will be
maintained within permissible limits. The same
shall be intimated at the time of sampling.
```

பதில் நீளமானதல்ல, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் பையருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியவராது. கேள்வியிலேயே எடை, சுருங்குதல் என்று இரண்டு கேள்விகள் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. 'மே வேரி' என்பது மாறக்கூடும் என்ற எச்சரிக்கையா, மாற எங்களுக்கு உரிமை உண்டு என்ற நிபந்தனையா என்பது தெரியவில்லை. 'அனுமதிக்கப்பட்ட வரம்பு' யார் அனுமதித்தது என்று சொல்லப்படவில்லை. 'தி சேம்' எடையைக் குறிக்கிறதா, சுருங்குதலையா, இரண்டையுமா? இந்திய அலுவலக ஆங்கிலத்துக்குப் பழகாதவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

இவையெல்லாம் மொழிக் குறைகள், எளிதில் சரியாகும். பெரிய குறை எண்ணில் இருக்கிறது. 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி என்று ஒப்புக்கொண்ட துணி, ±5% என்றால் 171 முதல் 189 வரை இருக்கலாம். இதே துணி துவைத்தபின் நீளத்தில் 5 விழுக்காடும் அகலத்தில் 5 விழுக்காடும் சுருங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பரப்பு 0.95 × 0.95, அதாவது 0.9025 மடங்காகிறது. நூல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, இடம் மட்டும் குறைகிறது. எனவே ஒரு சதுர மீட்டரின் எடை 180 ÷ 0.9025, ஏறத்தாழ 199 கிராம் ஆகிவிடும். தொழிற்சாலை காம்பாக்டிங் முடிந்த துணியில் வட்டம் வெட்டி 180 என்று எழுதுகிறது. பையரின் சோதனைக்கூடம் துவைத்த சட்டையை எடை போட்டு 199 என்று எழுதுகிறது. இருவரும் சரியாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் 199 என்பது 189க்கு மேல்; தாளில் இருக்கும் வரம்புப்படி சரக்கு தேறாது. இந்தத் தகராறைத் தவிர்க்கும் சொற்கள் 'துவைக்கும் முன்' என்ற இரண்டுதான். வெட்டுவதையே திருத்தமாகக் கருதுபவர் 'தேவையற்றது' என்று முதலில் எடுத்துவிடக்கூடிய சொற்களும் இவையே.

திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

```
Q: How heavy is the 180 GSM single jersey?
A: 180 g/m² before washing.
   Tolerance: 171 to 189 g/m².

Q: How much does it shrink?
A: Up to 5% in length and 5% in width.
   Test: one wash, ISO 6330, 40 °C, flat dry.
   Shrinking makes the washed fabric heavier
   per square metre.
```

கேள்வி இரண்டாகப் பிரிந்ததால் தாள் சற்று நீண்டிருக்கிறது. ஆனால் வாக்கியம் ஒவ்வொன்றும் குறுகியிருக்கிறது. எடையில் விழுக்காட்டுக்குப் பதிலாகக் கீழெல்லை, மேலெல்லை இரண்டும் கணக்கிட்டே தரப்பட்டுள்ளன. படிப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. சோதனை முறையோடு உலர்த்தும் முறையும் சொல்லப்பட்டிருப்பது அலங்காரத்துக்கல்ல. பின்னல் துணி டம்பிள் டிரையரில் உலர்ந்தால், தட்டையாக விரித்து உலர்த்துவதைவிட அதிகம் சுருங்கும். 'ஐ.எஸ்.ஓ. 6330' என்று மட்டும் எழுதினால் அந்தத் தரநிலைக்குள் இருக்கும் பல துவைக்கும், உலர்த்தும் முறைகளில் எது என்ற கேள்வி மின்னஞ்சலாகத் திரும்பி வரும்.

இந்த எண்களை மெர்ச்சண்டைசர் தன் மேசையில் உட்கார்ந்தபடி எழுதிவிட முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் பல கைகளைக் கடந்துதான் உருவாகிறது. நிட்டிங் ஓரிடத்தில், சாயம் இன்னோரிடத்தில், காம்பாக்டிங் மற்றோரிடத்தில். பெரும்பாலும் எல்லாம் ஜாப் ஒர்க். சுருங்குதல் எவ்வளவு என்பதைச் சாயப்பட்டறை முதல் காம்பாக்டிங் வரை ஒவ்வொரு படியும் சிறிது மாற்றுகிறது. எனவே 5 விழுக்காடு என்று எழுத ஒருவர் தேவையான சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கி, துணி மேலாளரிடம் ஒப்புதலும் பெற வேண்டும். அந்த வேலை நடக்காத இடத்தில்தான் 'பெர்மிசிபிள் லிமிட்ஸ்' என்ற தொடர் வந்து உட்காருகிறது. தாளில் தெளிவில்லாத தொடர்களைக் கோடிட்டுப் பாருங்கள்: பெரும்பாலானவை நிறுவனத்துக்குள் யாரும் இன்னும் முடிவெடுக்காத இடங்களில் இருக்கும். ஆங்கிலத் திருத்துநர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்த இடங்களை நிரப்ப இயலாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு காலக்கெடு. 'டெலிவரி 60 நாள்' என்று எழுதுவது வழக்கம். ஆர்டர் மார்ச் 1 அன்று வருகிறது, பி.பி. சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி, மார்ச் 21 அன்று ஒப்புதல் பெறுகிறது. ஆர்டர் நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 30. ஒப்புதலிலிருந்து எண்ணினால் மே 20. மெர்ச்சண்டைசர் மனதில் மே 20 இருக்கும், பையர் மனதில் ஏப்ரல் 30. அதோடு 'டெலிவரி' என்பது தொழிற்சாலையிலிருந்து கிளம்புவதா, தூத்துக்குடியில் கப்பலில் ஏறுவதா, ஹாம்பர்க்கில் இறங்குவதா என்பதும் சொல்லப்படவில்லை. கடைசிப் பொருளில் எடுத்துக்கொண்ட பையருக்குக் கடல் பயணத்தின் வாரங்களும் கணக்கில் பிசகும்.

```
Q: When do the goods leave the factory?
A: 60 calendar days after you approve the
   pre-production sample.
   If you approve later, the goods leave later.
```

கேள்வியில் 'டெலிவரி' என்ற சொல்லே இல்லை. நடக்கும் செயல் மட்டும் இருக்கிறது. பதில் எண்ணில் தொடங்குகிறது, எண்ணத் தொடங்கும் நாள் அதே வாக்கியத்தில் இருக்கிறது. 'சாம்பிள்' என்று மொட்டையாக எழுதாமல் எந்த சாம்பிள் என்று சொல்லியிருப்பதும் முக்கியம். புரோட்டோ, ஃபிட், சைஸ் செட், பி.பி. என்று ஓர் ஆர்டரில் பல சாம்பிள்கள் போகும். ஒரு பதிலில் 'பி.பி. சாம்பிள்', அடுத்ததில் 'ஃபைனல் சாம்பிள்', மற்றொன்றில் 'சீல் சாம்பிள்' என்று ஒரே பொருளை மூன்று பெயரில் எழுதினால், ஆங்கிலத்தை அகராதி பார்த்துப் படிப்பவர் மூன்று வெவ்வேறு சாம்பிள்கள் என்றுதான் எண்ணுவார். கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் பழக்குகிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் கேடு செய்கிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பிய விமானத் துறை 1980களில் உருவாக்கிய எளிமையாக்கிய ஆங்கிலத்தில் இதுவே அடிப்படை விதி: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு சொல். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது.

சொற்களின் எண்ணிக்கை மட்டும் போதிய அளவுகோலல்ல. 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் வகுத்த வாசிப்பு எளிமைச் சூத்திரம் வாக்கிய நீளத்தையும் அசைகளையும் எண்ணுகிறது. சிறு சொல் எளிது என்பது அதன் அனுமானம். 'புட் ஆஃப்', 'கெட் பேக்' போன்ற வினைத்தொடர்களுக்கு அசைகள் குறைவு. சூத்திரம் அவற்றை எளியவை என்றே மதிப்பிடும். ஆனால் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்றவர் தடுமாறுவது அங்கேதான். மூன்று அசை கொண்ட 'டாலரன்ஸ்' போன்ற ஒரு சொல்லோ இத்தாலியருக்கும் ஜெர்மானியருக்கும் தங்கள் மொழியிலேயே ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. துணித் தொழிலில் நாள்தோறும் காதில் விழுகிறது. அதை எடுத்துவிட்டு 'எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்' என்று விரித்து எழுதுவது அந்த வாசகருக்கு உதவியல்ல. மாறாக, நம் ஊர் ஆங்கிலத்தில் மறுமொழி தருவதைக் குறிக்கும் 'ரிவர்ட்' வெளியே பழைய நிலைக்குத் திரும்புவதையே பெரும்பாலும் குறிக்கும். அதை எங்கு கண்டாலும் நீக்க வேண்டும்.

எண் எழுதும் முறைக்கும் இதே கவனம் தேவை. குறைந்தபட்ச ஆர்டர் 1,500 என்று காற்புள்ளியோடு எழுதினால், காற்புள்ளியைத் தசமக் குறியாகப் பயன்படுத்தும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அது ஒன்றரை போலத் தெரியும். துண்டுக் கணக்கில் அது அபத்தம் என்று அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். ஒரு கிலோ துணியின் விலையிலோ எடையிலோ அப்படி ஊகிக்க வழியில்லை. 1500 என்று குறியின்றி எழுதலாம். தேதியில் மாதத்தை எழுத்தில் தரலாம்; 05/06 ஐரோப்பியருக்கு ஜூன், அமெரிக்கருக்கு மே.

இந்த முறைக்கு ஏற்றுமதியாளர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எண்ணைத் தெளிவாக எழுதினால் நாளை அதையே காட்டிக் கழிவு கேட்பார்கள், நெகிழ்வாக எழுதுவது பாதுகாப்பு என்பது அது. எண் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் நெகிழ்வான தொடர் பாதுகாக்கிறதா? சரக்கைச் சோதிக்க வரும் ஆய்வாளர் பர்ச்சேஸ் ஆர்டரிலும் டெக் பேக்கிலும் உள்ள எண்ணை வைத்துத்தான் அளப்பார். கேள்வி-பதில் தாளில் நாம் எண் தராதபோது அந்த எண்ணைப் பையர் தன் விருப்பப்படி அங்கே நிரப்பிவிடுகிறார். துவைக்கும் முன்னா பின்னா என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே சொல்லும் வாய்ப்பு நமக்குத் தாளில் மட்டுமே இருக்கிறது. தாளின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தால் மீதி அச்சமும் தீரும்: ஆர்டரும் தாளும் முரண்பட்டால் ஆர்டரே செல்லும்.

'கைண்ட்லி', 'வீ வுட் லைக் டு இன்ஃபார்ம்' போன்றவற்றை நீக்கினால் மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்ற தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன். மரியாதைக்கு உடன் போகும் கடிதத்தில் இடமிருக்கிறது. பதிலுக்குள் அது எண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

திருத்திய தாள் சரியாக இருக்கிறதா என்பதை 'புரிகிறதா' என்று கேட்டு அறிய முடியாது. எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு நிலைமையைக் கொடுத்து விடை கேட்க வேண்டும். மார்ச் 1 ஆர்டர், மார்ச் 21 ஒப்புதல் என்று சொல்லி, தாளை எழுதாத மூவரிடம், பேக்கிங், கணக்கு, தரக்கட்டுப்பாடு என வெவ்வேறு பிரிவுகளில், சரக்கு கிளம்பும் தேதியை எழுதித் தரச் சொல்லலாம். மூவரும் மே 20 என்று எழுதினால் பதில் நிற்கிறது. ஒருவர் வேறு தேதி எழுதினாலும் அவரைத் திருத்தாமல் பதிலைத் திருத்த வேண்டும். பையரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களிலும் சான்று உண்டு. தாளில் பதில் இருக்கும் கேள்வியே மீண்டும் வந்தால், அந்தப் பதிலில் ஏதோ ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது. தாளில் இருந்தும் ஒருவரும் கேட்காத கேள்வி நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிச் சேர்த்ததாக இருக்கலாம், அதை எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், பையருக்குப் போகாத அலுவலகப் பிரதியில், அதைச் சொன்ன பிரிவையும் தேதியையும் குறித்து வைப்பது அவசியம். காம்பாக்டிங் வேறு பட்டறைக்கு மாறினால், நூலின் கவுண்ட் மாறினால், 5 விழுக்காடு என்ற எண் மறுபடி சோதிக்கப்படும் வரை அந்தப் பதிலைத் தாளிலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.