ஊற்றுக்கண் பார்த்தல்

வற்றிய கிணற்றில் நீர்வரும் வழியைத் தேடும் நாட்டுத்தொழில். கொங்குப் பகுதியில் செம்மண், சரளை, சிதைந்த பாறை என்று அடுக்குகள் இறங்கும். கருங்கல்லைத் தொட்டபின் வெடிப்பில் மட்டுமே தண்ணீர்.

இத்தொழிலின் போக்கை ஒரு சிறுகதையாகவே சொல்லலாம். பஞ்சத்தில் வறண்ட 60 அடிக் கிணறு. கிணறு வெட்டும் பெரியவர் கயிற்றில் இறங்கி, கடப்பாரையால் அடிப்பாறையைத் தட்டினார். கணீரென்றது, வெடிப்பில்லாத கல். மேற்குச் சுவரில் துருநிறக் கறை படிந்த கீறல் ஒன்று தெரிந்தது. எப்போதோ நீர் ஓடிய தடம் அது. விரலை வைத்தார், ஈரம்.

“அடியில வெட்டறது வீண் செலவுங்க. இங்கயே சைடு போர் போடுங்க.”

துளை 40 அடி போனதும் பறந்துகொண்டிருந்த கல்மாவு சேறாக வந்தது. மோட்டார் தினமும் ஒரு மணிநேரம் ஓடியது. அவ்வளவுதான்; வெடிப்பில் தங்கும் நீர் அதிகமில்லை.

கறை இருந்தும் ஈரமில்லையென்றால் களிமண் அடைத்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு அதே வெடிப்பை உறிஞ்சினாலும் ஊற்று நின்றுவிடும்.