மாட்டிதயமும் பறங்கியும்: ஒரு இரத்தப் பரிசோதனையின் கதை

எங்கட நீர்வேலி வீட்டில போன வருடம் மூன்று கிழமை யாரும் சரியாகக் கதைக்கவில்லை. காரணம் ஒரு துண்டுக் கடதாசி. பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளினிக்கில் வழமையாக எடுக்கும் இரத்தம் குடுத்தா. வந்த முடிவில் ‘வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், 1:2’ என்று இருந்தது. அத்தான் அதைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தார். ‘சிபிலிஸ்’ என்று வந்தது. அதுக்குப் பிறகு ‘யாரால வந்தது?’ என்ற கேள்வி மட்டும்தான் வீட்டுக்குள்ள நின்றது. வாயால ஒருத்தரும் கேட்கேல்லை.

அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கடதாசி உண்மையில என்ன சொன்னது என்று விளங்க, நான் நூறு வருடத்துக்கும் மேலே பின்னால போக வேண்டியிருந்தது.

1905இல் ஜேர்மனியில் ஷவுடினும் ஹொஃப்மனும் சிபிலிஸ் புண்ணில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டார்கள். ‘ட்ரெபொனிமா’ என்று இப்ப சொல்வது அதைத்தான். அடுத்த வருடம் பேர்லினில் வாஸர்மனும் கூட்டாளிகளும் இந்த நோய்க்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்தக் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடியாததால், சிபிலிசோடு இறந்து பிறந்த குழந்தையின் ஈரலை அரைத்துச் சாறு எடுத்தார்கள். அதுக்குள்ள கிருமி நிறைய இருக்கும், நோயாளியின் இரத்தத்தில் உள்ள எதிர்பொருள் அதோடு சேரும் என்பது கணக்கு. பரிசோதனையும் வேலை செய்தது.

ஆனால் அடுத்த வருடமே ஒரு குழப்பம் வந்தது. நோயே இல்லாத உறுப்பில் இருந்து, மிருகங்களின் இதயத்தில் இருந்துகூட, எடுத்த சாறும் அதே விடையைத் தந்தது. அப்படியென்றால் இரத்தம் பிடித்தது கிருமியை இல்லை. அது எதை என்று தெரிய 1941 ஆனது. அமெரிக்காவில் மேரி பாங்போர்ன் மாட்டிதயத்தில் இருந்து ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்து, கார்டியோலிபின் என்று பெயர் வைத்தார். அது எங்கட உடல் கலங்களுக்குள்ளும் இருக்கிற கொழுப்பு. சிபிலிஸ் கிருமி கலங்களைச் சேதப்படுத்தும்போது, உடல் இந்த மாதிரிக் கொழுப்புக்கு எதிராகவும் எதிர்பொருள் செய்கிறது. 1946இல் வந்த வி.டி.ஆர்.எல். பரிசோதனை இந்தக் கார்டியோலிபினை வைத்துத்தான் செய்யப்படுகிறது.

அதாவது அந்தப் பரிசோதனை ‘கிருமி வந்ததா?’ என்று கேட்கவில்லை. ‘இந்தக் கொழுப்புக்கு எதிரான எதிர்பொருள் இருக்கா?’ என்று மட்டும் கேட்கிறது. அந்த எதிர்பொருள் வேறு காரணங்களாலும் வரலாம். மலேரியா, தொழுநோய், லூபஸ், முதுமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கர்ப்பமும் உண்டு.

சரி, 1:2 என்றால் என்ன? இரத்தத்தின் சீரத்தை முதலில் அப்படியே சோதிப்பார்கள். பிறகு பாதியாக ஐதாக்குவார்கள், அது 1:2. திரும்பப் பாதியாக்கினால் 1:4, பிறகு 1:8, 1:16. எந்த ஐதாக்கல் வரைக்கும் நுண்காட்டியில் திரள் தெரிகிறதோ, அந்தக் கடைசி எண்தான் டைட்டர். 1:32 என்றால் எதிர்பொருள் நிறைய, 1:2 என்றால் கொஞ்சம். பொய்யான ரியாக்டிவ் அதிகமும் கீழே உள்ள எண்களில்தான் வரும். ஆனால் எண் சின்னது என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய சிபிலிசும், மருந்து எடுத்து மாறிய சிபிலிசும் 1:2 காட்டலாம். மறுபக்கம், எதிர்பொருள் மிக அதிகமாக இருந்தால் ஐதாக்காத சீரத்தில் திரளே தெரியாமல் போய், நோய் இல்லாத மாதிரிக் காட்டுவதும் உண்டு. ஐதாக்கிப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

அதனால்தான் இரண்டாவது பரிசோதனை. 1949இல் அமெரிக்காவில் நெல்சனும் மேயரும் முயலில் வளர்த்த உயிருள்ள கிருமியையே எடுத்து, நோயாளியின் சீரம் அதை அசையாமல் நிறுத்துகிறதா என்று பார்த்தார்கள். பழைய பரிசோதனையால் சிபிலிஸ் முத்திரை குத்தப்பட்ட பலருக்கு அந்த நோயே இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று அந்த இடத்தில் ரி.பி.பி.ஏ. போன்ற இலகுவான முறைகள் இருக்கின்றன. ரி.பி.பி.ஏ.யில் கிருமியின் பகுதிகள் பூசிய நுண்துகள்களைச் சீரத்தோடு சின்னக் குழிகளில் விடுவார்கள். எதிர்பொருள் இருந்தால் துகள்கள் குழி முழுக்கப் பாய் மாதிரி விரியும். இல்லையென்றால் நடுவில் பொத்தான் மாதிரி இறங்கி நிற்கும்.

அப்ப நேராக இதையே செய்யலாமே என்று நானும் கேட்டேன். சில நாடுகளில் ஆய்வுகூடங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் கிருமிக்கு எதிரான எதிர்பொருள், நோய் மாறின பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். இப்ப நோய் இருக்கா, பென்சிலின் ஊசி வேலை செய்ததா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது டைட்டர்தான். 1:32 இருந்தவருக்கு ஊசிக்குப் பிறகு 1:8 ஆனால் நாலு மடங்கு குறைந்திருக்கு, அது உண்மையான குறைவு. 1:8 இருந்து 1:4 ஆனதை அப்படி எடுக்க மாட்டார்கள், ஒரு படி வித்தியாசம் சோதனையிலேயே வரும். ஆக ஒன்று ‘இந்தக் கிருமி எப்பவாவது வந்ததா’ என்று சொல்லுது, மற்றது ‘இப்ப எந்த அளவில்’ என்று சொல்லுது.

இந்தக் கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கு. ஷவுடின் கிருமியைக் கண்ட அதே 1905இல், கொழும்பில் வேலை செய்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெல்லானி, பறங்கி நோயாளிகளின் புண்ணில் அதே மாதிரிச் சுருள் கிருமியைக் கண்டார். இலங்கையில் பறங்கி என்றது, கிராமங்களில் பிள்ளைகளுக்குத் தோலால் தொற்றின ஒரு நோய். பாலுறவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தமிழ் அகராதியில் பறங்கிப்புண் என்றால் சிபிலிஸ் புண். ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய். மொழி செய்த இந்தக் குழப்பத்தை ஆய்வுகூடமும் தீர்க்கவில்லை. இரண்டு கிருமியும் அவ்வளவு நெருங்கின உறவு என்பதால், பறங்கி வந்தவருக்கு வி.டி.ஆர்.எல்., ரி.பி.பி.ஏ. இரண்டுமே ரியாக்டிவ் ஆகலாம். சின்ன வயதில் பறங்கி வந்த ஒரு ஆச்சியின் இரத்தத்தைப் பார்த்து, அவவின் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கும் எல்லை அவ்வளவுதான், மிச்சம் ஆளிடம் கேட்டுத்தான் தெரியவேணும்.

அக்காவை பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்க அவவுக்கும் அத்தானுக்கும் இரத்தம் எடுத்தார்கள். அக்காவின் ரி.பி.பி.ஏ. நொன்-ரியாக்டிவ், அத்தானுக்கு இரண்டுமே நொன்-ரியாக்டிவ். தொற்று மிகப் புதிது என்றால் ரி.பி.பி.ஏ.யும் தவறலாம் என்பதால், சில கிழமை கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள். விடை மாறேல்லை. பிள்ளை பிறந்து சில மாதத்தில் வி.டி.ஆர்.எல்.லும் நொன்-ரியாக்டிவ் ஆகிவிட்டது. ஆறு மாதம் கடந்தும் நின்றிருந்தால் லூபஸ் போன்ற நோயைத் தேடியிருப்பார்கள்.

உண்மையாகவே நோய் இருந்திருந்தாலும் வழி இருந்தது. பென்சிலின் தாயின் இரத்தத்தில் இருந்து பிள்ளைக்கும் போகும், நேரத்துக்குப் போட்டால் பிள்ளையைக் காப்பாற்றும். எல்லாத் தாய்மாரையும் இப்படிச் சோதித்து, தேவையானவர்களுக்கு மருந்து குடுத்ததால்தான், தாயிடம் இருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் போவதை இலங்கை ஒழித்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று குடுத்தது. அந்தச் சோதனையில் தப்பான ரியாக்டிவ் சிலருக்கு வரத்தான் செய்யும். ஒரு பிள்ளையையும் தவறவிடக்கூடாது என்று வலையை அகலமாக வீசுகிறார்கள், பிறகு இரண்டாவது பரிசோதனையால் சலிக்கிறார்கள்.

இதை யாராவது முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அத்தான் பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா சொன்னது இதுதான்: “நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே. கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பன்.”